மடக்குக் கத்திக்கு பிளேடு

கொல்லங்கோட்டுக் கடைவீதியில் அந்தக் கடையின் பலகையில் எழுதியிருந்த பெயர் நஞ்சப்பன். ஆனால் நஞ்சப்பன் கடை எது என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். சுப்பாத்தா கடை என்று கேட்டால் தெரு நாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும். நான் அந்தக் கடைக்கு நேர் எதிரே தையல் மெஷின் போட்டிருந்தேன். மிதிப்பது காலின் வேலை, பார்ப்பது கண்ணின் வேலை. என் கண் பெரும்பாலும் எதிர்க்கடையில்தான் இருக்கும். அதனால் சட்டைக்குக் கை மாற்றி வைத்துத் தைத்ததும் உண்டு. பழியைச் சுப்பாத்தாள் மேல் போட்டு விடுவேன். அவளும் சளைக்காமல், "டைலருக்கு வேடிக்கை பாக்கறதுதான் தொழிலு, தையலு சைடு பிசினசு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

சுப்பாத்தாள் பிறந்தது எருத்தேன்பதியில், நிலக்கடலைக்காரக் குடும்பம். நஞ்சப்பனைக் கட்டிக்கொண்டு கொல்லங்கோடு வந்தவள் முதலில் வீட்டோடுதான் இருந்தாள். நஞ்சப்பன் தங்கமான மனிதர், எடை போட்டால் முள் நடுவில் நிற்கும்வரை விடமாட்டார். ஆனால் பேச மாட்டார். சோப்பு இருக்கிறதா என்று கேட்டால் சோப்பை எடுத்து வைப்பார், இல்லையென்றால் கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவன் இவர் செவிடோ என்று நினைத்துப் போய்விடுவான். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது சுப்பாத்தாள் கடையில் உட்கார்ந்தாள். காய்ச்சல் இறங்கி அவர் வந்து பார்த்தால் பாதிச் சரக்கு விற்றுப்போயிருந்தது. "நீயே உக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே மூட்டை அடுக்கப் போனவர்தான், அப்புறம் வெளியே வரவே இல்லை. பொம்பளை கடையில் உட்காருவதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். "உங்க ஊட்டுல சோறு போடறதும் பொம்பளதானுங்க, அதைத் திங்காம இருக்கறீங்களா?" என்று அவள் கேட்ட பிறகு முணுமுணுப்பும் அடங்கியது.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சவர பிளேடு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ரயில் வந்த புதிது அது. ஸ்டேஷன் ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், எஸ்டேட் எழுத்தர்கள் என்று தாங்களே முகம் மழித்துக்கொள்கிறவர்கள் ஊரில் பெருகினார்கள். கோயமுத்தூர் ஏஜெண்டு ஒருவர் ஒரு பெட்டி பிளேடை இறக்கிவிட்டுப் போனார். வந்த வேகத்தில் விற்றது, விற்ற வேகத்தில் சண்டையும் வந்தது. எல்லாரும் "பிளேடு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால் கத்தியில் உட்காராது. எண்ணெய்த் தாளைப் பிரித்த பிளேடைத் திருப்பி எடுத்தால் துரு ஏறிப்போகும். எடுக்காவிட்டால் கத்துவான்.

சுப்பாத்தாள் ஒரு மத்தியானம் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, இருக்கிற கத்தியையெல்லாம் கழற்றிப் போட்டு, இருக்கிற பிளேடையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். தாடி இல்லாதவள், மீசை இல்லாதவள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அந்த வட்டாரத்திலேயே கத்தியின் மர்மம் தெரிந்தவள் அவள்தான். என் கடைக்கு வந்து என்னிடம் ஒப்பித்தாள். ஒரு கத்தி சம்மட்டி மாதிரி, நடுவில் காம்பு, தலைக்கு ரெண்டு பக்கமும் பல். காம்பைத் திருகினால் தலை கழன்று மூன்று துண்டாக வரும். அதற்குப் போடுவது ரெண்டு பக்கமும் கூருள்ள மெல்லிசு பிளேடு, நடுவில் மூன்று ஓட்டை. மூடியில் இருக்கும் மூன்று முளையும் அந்த ஓட்டைகளில் இறங்கி உட்காரும். இப்போது புதிதாக வரும் கத்தியில் ஓட்டைக்குப் பதில் நடுவில் நீளமாகப் பிளவு போட்ட பிளேடு. அந்தப் புது பிளேடு பழைய கத்தியிலும் உட்காரும். பழைய மூன்று ஓட்டை பிளேடு புதுக் கத்தியில் உட்காரவே உட்காராது. 

"இன்னொண்ணு இருக்குது டைலரே, மண்ணு வெட்டற மம்முட்டி மாதிரி. ஒரு பக்கந்தான் பல்லு. திருகறதெல்லாம் இல்ல, மேல் மூடியத் தூக்கி மடக்கித் தொறக்கணும். அதுக்குப் போடறது ஒத்தப் பக்கம் கூரு. பின்னாடி முதுகு தடிப்பா ஒரு தகடு மடிச்சு இருக்கும். அந்த முதுகப் புடிச்சுத்தான் உள்ள இருக்கற வில்லு முன்னால தள்ளி நிறுத்தும்."

"அப்ப கந்தப்பன் வெச்சிருக்கறது?" என்று கேட்டேன். கந்தப்பன் எங்கள் தெருவில் சவரக்கடை போட்டிருந்தவர்.

"அது மடக்குக் கத்தி. பேனாக்கத்தியாட்டம் பிடிக்குள்ள மடங்கும். அதுக்குத் தனியா பிளேடே வேண்டாம், அதுவே பிளேடுதான். தோல் வாருல தீட்டுனாப் போதும்."

அன்றிலிருந்து அவள் கடையில் சட்டம் வந்தது. கத்தியைக் காட்டு, பிளேடு வாங்கு. மலைக்கு மேலே எஸ்டேட்டில் இருக்கிறவன் கத்தியைக் கொண்டுவர முடியுமா? அவனுக்கு வேறு சட்டம். படத்தைக் காட்டு. பத்திரிகை விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்தார்கள். சிலர் போட்டோவே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் போட்டோ எடுத்துக்கொள்கிறவன் தன் சொத்தையெல்லாம் பக்கத்து முக்காலியில் பரப்பி வைத்துத்தான் எடுத்துக்கொள்வான். கைக்கடிகாரம், டார்ச் லைட்டு, குடை, அதோடு சவரக் கத்தியும் இருக்கும். சுப்பாத்தாள் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு, ஆளின் முகத்தைப் பார்க்காமல் கத்தியை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஸ்டேஷன் குமாஸ்தா ஒருவர் ஆங்கிலப் பத்திரிகைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கைப்பிடிக்குள்ளேயே பிளேடுகளை அடுக்கி வைத்திருக்கும் கத்தி. இழுத்துத் தள்ளினால் ஒன்று முன்னால் வந்து உட்காரும். "இது துப்பாக்கி சாதிங்க. இதுக்கு குண்டு என்றகிட்ட இல்ல, மதராசுக்கு எழுதிப் போடுங்க" என்று அனுப்பிவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாள் பார் என்று அதற்கும் பேர் வந்தது.

"இந்தச் சுப்பாத்தா கையில இருந்து தப்பு பிளேடு போனதில்ல" என்று நாளுக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். தற்பெருமை ஜாஸ்திதான். ஆனால் உண்மையான தற்பெருமை என்பதால் பொறுத்துக்கொண்டோம்.

ஒரு சந்தை நாள். காலை வியாபாரம் ஓய்ந்து, சுப்பாத்தாள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எருத்தேன்பதியிலிருந்து மருதாத்தாளும் அவள் மகள் பூவாத்தாளும் வந்தார்கள். மருதாத்தாள், சுப்பாத்தாளின் பிறந்த ஊர்க்காரி, அக்கா முறை. அந்த அம்மாளை நான் சிரித்துப் பார்த்ததில்லை. புருஷன் கள்ளிலேயே மூழ்கிக் கள்ளிலேயே போனவன். இருந்த கிணற்றுப் பாசனத்தில் தன் கையாலேயே கடலை விளைத்து, ஒற்றை மகளை வளர்த்தவள்.

பூவாத்தாள் வந்ததும் வராததுமாக மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"சின்னம்மா, இந்தக் கத்திய சித்தப் பாருங்க."

"கத்தியப் பாக்க வேண்டியதில்ல, மூஞ்சியப் பாத்தாச்சு" என்றாள் மருதாத்தாள். "அம்மிணி, உப்பும் சீமெண்ணையும் குடு, நாங்க போறோம்."

விஷயம் இதுதான். பெண்ணுக்கு வரன் வந்திருந்தது. கோழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் செங்கோட்டையனின் மகன், பேர் பழனியப்பன், மலைமேல் சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கணக்குப்பிள்ளை. ஜாதகம் பொருந்தியது. நிலம் பொருந்தியது. பையன் லீவு கிடைக்காமல் போட்டோ மட்டும் அனுப்பியிருந்தான். பூவாத்தாளுக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாள்தான் போட்டோவைக் கண்டதும் வேண்டாம் என்றுவிட்டாள். பையன் தாடையில் மூன்று வெட்டு, கன்னத்தில் ஒன்று.

"உன்ற மாமன் சாகற வரைக்கும் இப்பிடித்தான் இருந்தான்" என்றாள் மருதாத்தாள். மாமன் என்று அவள் சொன்னது தன் புருஷனைத்தான்; முறைப்படி பேரைச் சொல்லமாட்டாள். "காலையில எந்திரிச்சாக் கை நடுங்கும். கத்தியப் புடிச்சா மூஞ்சியெல்லாம் ரத்தம். மஞ்சளக் கொழச்சு நாந்தான் அப்புவேன். இந்த வெட்டு எதனால வருதுன்னு எனக்குத் தெரியாதா? அவிங்களுக்குப் பொழுது விடியறதே சாயங்காலம் கள்ளுக்கடையிலதான். இன்னொருக்கா நானே என்ற புள்ளைக்கு அதைக் கட்டி வெப்பனா?"

பூவாத்தாளின் கண் நிரம்பிவிட்டது. ஆனாலும் போட்டோவைக் கையிலிருந்து விடவில்லை. "கை நடுங்கறவியளால இத்தன கணக்கு எழுத முடியுமாங்க சின்னம்மா? கத்தி சரியில்லாட்டியும் வெட்டுமல்லங்க? நீங்க பாத்துச் சொல்லுங்க. சின்னம்மா பாத்து கை நடுக்கந்தான்னு சொல்லீட்டா நான் அப்பறம் வாயே தொறக்கமாட்டேன்."

அந்தப் பெண் தன் கல்யாணத்தைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்துவிட்டாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவைத் தாண்டினேன். அழைக்காமலே வந்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

சுப்பாத்தாள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். போட்டோவில் பையன் மர நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து முக்காலியில் கறுப்புத் துணி விரித்து அலாரம் கடிகாரம், டார்ச் லைட்டு, சவரக் கத்தி, ஒரு பிளேடு பொட்டலம், பொட்டலத்தின் மேலே பிரித்து வைத்த ஒரு பிளேடு. கறுப்புத் துணி என்பதால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"மம்முட்டி" என்றாள் முதல் பார்வையிலேயே. "ஒரு பக்கம் பல்லு. மேல மடக்கு மூடி. இது ஒத்தப் பக்கப் பிளேடுக் கத்தி." கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். நெற்றி சுருங்கியது. "ஆனா பக்கத்துல வெச்சிருக்கற பிளேடு ரெண்டு பக்கக் கூரு. இதா, மூணு ஓட்டையும் எண்ணலாம். டைலரே, நீங்க பாருங்க."

பார்த்தேன். ஓட்டை மூன்றும் எனக்கே தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. அப்ப எப்படி மாட்டியிருப்பாப்ல?" மறுபடியும் கத்தியின் தலையை உற்றுப் பார்த்தாள். "கண்டுபுடிச்சிட்டேன்! ஓட்டை வழியா பிளேட ரெண்டா ஒடிச்சு, பாதிய உள்ள போட்டிருக்கறாப்ல. பாதிக்கு முதுகு ஏது? வில்லு எதப் புடிக்கும்? அகலமும் பத்தாது. பின்னால காயிதத்த மடிச்சு அண்ட குடுத்திருக்கறாப்ல, வெள்ளையா நுனி தெரியுது. ஒரு மூலை தூக்கிட்டு நிக்குது பாருங்கக்கா. இந்த மூலைதான் தாடையக் கீறியிருக்குது. கையில நடுக்கமில்ல, கத்தியிலதான் நடுக்கம்."

பூவாத்தாள் அம்மாவைப் பார்த்தாள். மருதாத்தாள் பூதக்கண்ணாடியைத் தள்ளிவிட்டாள்.

"நீ யாவாரி. வாயி உன்றது, கண்ணாடியும் உன்றது. எனக்கு அதுல கறுப்பும் வெளுப்புந்தான் தெரியுது."

"நம்பலீங்களா? அப்பச் செஞ்சே காட்டறனுங்க." சுப்பாத்தாள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "ஏனுங்க! சித்த இங்க வாங்க!"

நஞ்சப்பன் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்தார். வாழ்நாளில் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். தினமும் இரட்டைப் பக்கக் கத்தியால் தானே மழித்துக்கொள்கிறவர், ஒரு கீறல் விழுந்து யாரும் பார்த்ததில்லை. இதைவிட நல்ல சாட்சி அந்தத் தாலுக்காவிலேயே கிடையாது. சுப்பாத்தாள் கடையிலிருந்து ஒரு மம்முட்டிக் கத்தியை எடுத்தாள். மூன்று ஓட்டை பிளேடு ஒன்றை எண்ணெய்த் தாளோடு சேர்த்து நெட்டுக்கு மடக்கினாள். சடக் என்று நடுவில் ஒடிந்தது. ஒரு பாதியைக் கத்தியில் வைத்துப் பின்னால் பொட்டலத் தாளை மடித்துச் செருகி, மூடியைச் சாத்தினாள். ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. போட்டோவில் இருந்ததைப் போலவே.

"நீங்களே மழிங்க. நான் மழிச்சா வேணும்னே வெட்டுனேன்னு அக்கா சொல்லும்."

நஞ்சப்பன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கிற பார்வையிலேயே ஆபத்து தெரிந்துவிட்டது. அபூர்வமாகப் பேசுகிறவர் அன்று பேசினார்.

"உன்ற வாய்க்கு என்ற தாடையா?"

"ஒரு புள்ளையோட கலியாணமுங்க."

அவர் சோப்பு நுரையைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை நான்தான் பிடித்தேன். கையைப் பாருங்கள் என்று மருதாத்தாளுக்குக் காட்டினாள் சுப்பாத்தாள். கை எடைபோடுகிற கை, கல் மாதிரி நின்றது. முதல் இழுப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் கத்தி ஒருபக்கம் சறுக்கியது. "அப்பா!" என்றார். மூன்றாவதில் "அம்மா!" என்றார். நான்காவதில் "ஐயோ!" என்றார். நுரையைத் துடைத்தபோது தாடையில் மூன்று கோடு சிவப்பாக நின்றது. போட்டோவில் பையன் தாடையில் இருந்த அதே இடம். சுப்பாத்தாள் போட்டோவை எடுத்துப் புருஷன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள்.

மருதாத்தாள் அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். உதடு ஒருபக்கம் இழுத்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் முதல்முறையாக அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பூவாத்தாள் அம்மாவோடு சேர்ந்து சிரித்தாள். காயம்பட்ட நஞ்சப்பனும் படிகாரத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

ஆனால் மருதாத்தாள் கண்ணைத் துடைத்ததும் முகம் பழையபடி இறுகியது. 

"சரி அம்மிணி. வெட்டுனது பிளேடுதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லு. கத்திக்குச் சேராத பிளேட நெதானத்துல இருக்கறவன் வாங்குவானா? வாங்கீட்டாலும் திருப்பிக் குடுக்காம, ஒடிச்சுப் போட்டு மூஞ்சியக் கிழிச்சுக்குவானா? ஸ்டோருல கணக்குப் பாக்கறவனுக்கு இது தெரியாதா? போதையில வாங்குனவனுக்குத்தான் எந்த பிளேடும் பிளேடு. அவிய எல்லாம் அப்படித்தான். அரிசி வாங்கப் போனா தவுடு வாங்கீட்டு வருவாங்க. நான் பாத்திருக்கறேன்."

பூவாத்தாளின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.  கேள்வி நியாயமான கேள்வி.

  சுப்பாத்தாள் பூதக்கண்ணாடியை மறுபடியும் எடுத்து, கத்தியை விட்டுவிட்டு, பிளேடு பொட்டலத்தைப் பார்த்தாள். பொட்டலத்தின் ஓரத்தில் வட்டமாக ஒரு கடை முத்திரை. அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். அடுத்தாற்போல் அவள் என்னைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். சந்தைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நஞ்சப்பன் தாடையைப் பார்க்க வந்து கூடி நின்றார்கள். கந்தப்பனும் கையில் மடக்குக் கத்தியோடு அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

முத்திரை வேறு யார் கண்ணிலும் படவில்லை. எவனோ ஒரு கூறுகெட்ட கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் போதும். சொல்லியிருக்கலாம்.

"பையன் வாங்கலீங்கக்கா" என்றாள். "அவுங்கப்பன் வாங்குனாரு. போன மாசம், இதே கடையில; பொட்டலத்துல இருக்கறது நம்ம முத்திரைதான். செங்கோட்டையன்னு பேரு தெரியாதுங்க, இப்பத்தான் தெரியுது. எஸ்டேட்டுல இருக்கற மகனுக்கு, மலைக்குப் போற ஆளுகிட்டக் குடுத்தனுப்பணும்னு வந்தாரு."

"இங்கயா?"

"இங்கதானுங்க. 'என்ற பையன் வெச்சிருக்கறது மடக்குக் கத்தி, அதுக்கு பிளேடு குடுங்க'ன்னாரு. அவரு சொன்னது மூடிய மடக்கித் தொறக்கற இந்தக் கத்திய. சரியாத்தான் சொல்லியிருக்கறாரு. நாந்தான் கந்தப்பண்ணன் கத்தின்னு நெனச்சு, 'மடக்குக் கத்திக்கு எங்கயாச்சும் பிளேடு உண்டுங்களா, உங்க மகன் தோல் வாருக்கு பிளேடு போடுவாரா'ன்னு கேட்டு நக்கலடிச்சேன். கடையில நின்னவியெல்லாம் சிரிச்சாங்க. பெரிய மனுசன், கூச்சப்பட்டுட்டாரு. 'பிளேடு போடற கத்திதானுங்க, ஏதோ ஒண்ணு குடுங்க'ன்னாரு. படத்தக் கொண்டாங்கன்னு நான் கேக்கலீங்க. எஸ்டேட்டுக்காரன்னா துரை மாதிரி ரெண்டு பக்கக் கத்திதான் வெச்சிருப்பான்னு நானா முடிவு பண்ணி, மூணு ஓட்டையக் கட்டிக் குடுத்துட்டேன்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் கொக்கரித்தார். "சுப்பாத்தா கையில இருந்து தப்பு பிளேடு போனதில்லையாமா!"

"போயிருக்குதுங்க" என்றாள் சுப்பாத்தாள், அவரைப் பார்த்தல்ல, மருதாத்தாளைப் பார்த்து.  "மலைமேல இருக்கற பையன் அத எங்க திருப்பிக் குடுப்பான்? அப்பன் ஆசையா அனுப்புனத வீணாக்கக்கூடாதுன்னு ஒடிச்சுப் போட்டுப் பாத்திருக்கறான். கை நடுங்கறவன் நெட்டுக்கு அத்தன நேரா ஒடிக்க முடியாதுங்கக்கா. நீங்களே ஒண்ணு ஒடிச்சுப் பாருங்க. என்ற நக்கலுக்கு அந்தப் பையன் தாடை கிழிஞ்சுது. இந்தப் புள்ளையோட கலியாணமும் கிழியணுமுங்களா?"

 கந்தப்பன்கூடச் சிரிக்கவில்லை.

மருதாத்தாள் சுப்பாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வாழ்க்கையில் கேட்ட பொய்களுக்குக் கணக்கில்லை. குடிக்கவில்லை என்ற பொய், இனிமேல் குடிக்கமாட்டேன் என்ற பொய், கீழே விழுந்து அடிபட்டேன் என்ற பொய். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற பொய்யை மட்டும் அவள் கேட்டதில்லை போலும். மெதுவாகப் பலகையருகே வந்து, சுப்பாத்தாள் கையைப் பிடித்தாள்.

"கடை மானத்த எடுத்து நடுத்தெருவுல வெச்சுட்டியே அம்மிணி."

"போயிட்டுப் போவுதுங்கக்கா. நாளைக்குச் சம்பாரிச்சுக்கலாம்."

மருதாத்தாள் மகளிடமிருந்து போட்டோவை வாங்கினாள். இந்தத் தடவை தாடையைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். அதைப் பத்திரமாகத் தன் மடியிலேயே செருகிக்கொண்டாள். 

"அம்மிணி" என்றாள் மருதாத்தாள், முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "முதுகு தடிச்ச பிளேடு ஒரு பொட்டலம் குடு. மருமவனுக்கு."